காலை ஷிப்டுக்கு வர முடியவில்லை: போனா, மெசேஜா?

*மேடம், எனக்கு 23 வயது. ராயக்கோட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறேன். போன வாரம் ஏ ஷிப்ட். விடியற்காலை மூன்றரைக்குக் காய்ச்சலோடு முழிப்பு வந்தது. 4.07க்கு எங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் "சார் எனக்கு ஃபீவர், இன்னைக்கு வர முடியாது" என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் போனால், தகவல் சொல்லாமல் வரவில்லை என்று மெமோ கொடுத்தார்கள். மெசேஜைக் காட்டினேன். "போன் பண்ணியிருக்கணும்" என்கிறார் சூப்பர்வைசர். அந்த நேரத்தில் ஒரு ஆம்பளைக்கு எப்படிப் போன் பண்ணுவது என்று தயக்கம். போன் பண்ணினால் திட்டவும் செய்வார். எப்போது போன் பண்ண வேண்டும், எப்போது மெசேஜ் போதும்? மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது?*
*— ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்*

தங்கச்சி, முதலில் காய்ச்சல் விட்டதா? விட்டிருந்தால் சரி. இல்லையென்றால் இதைப் படிப்பதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்.

ஓசூரில் பத்தொன்பது வருடம் மனிதவளப் பிரிவில் இருந்தேன். அதில் முதல் ஆறு வருடம் டைம் ஆபீஸ். உங்கள் பெயருக்கு நேராக அன்று காலையில் "தகவல் இல்லை" என்று எழுதிய நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் போனா மெசேஜா என்று ஒவ்வொரு முறையும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

நீங்கள் 4.07க்கு மெசேஜ் போட்டபோது உங்கள் ஏ ஷிப்ட் சூப்பர்வைசர் அநேகமாகத் தூங்கிக்கொண்டிருப்பார். ஆறு மணி ஷிப்டுக்கு அவர் ஐந்தரை, ஐந்தே முக்காலுக்கு உள்ளே வர வேண்டும். எழுந்து, குளித்து, வண்டியை எடுத்து வருகிற அவசரத்தில் குரூப்பைத் திறந்து பார்க்கிறவர் ரொம்பக் குறைவு. திறந்தாலும் அதற்குள் நாலு பேர் "குட் மார்னிங்" படம் போட்டிருப்பார்கள், ஒருவர் முந்தின நாள் புரொடக்ஷன் கணக்கைப் போட்டிருப்பார். உங்கள் ஒற்றை வரி மேலே போயிருக்கும். உள்ளே நுழைந்ததும் பல கம்பெனிகளில் போன் லாக்கருக்குள் போய்விடுகிறது. லைனுக்குக் கொண்டுபோக அனுமதி கிடையாது. அப்புறம் அவர் போனைப் பார்ப்பது டீ டைமுக்கு. அந்த நேரத்தில் டைம் ஆபீஸில் ஆப்சென்ட் கணக்கு எடுத்து முடித்திருப்பார்கள்.

அந்த விடியற்காலையில் விழித்திருந்தவர் வேறு ஒருவர். சி ஷிப்ட் சூப்பர்வைசர். இரவு பத்து மணியிலிருந்து ஆலைக்குள்ளேயே இருப்பவர். கேட்டில் செக்யூரிட்டியும் விழித்திருந்தார், அவர் மேஜையில் லேண்ட்லைனும் இருந்தது. நீங்கள் சொன்ன நேரம் சரியான நேரம்தான். சொன்ன இடத்தில் ஆள் இல்லை.

நீங்கள் வரவில்லை என்று 4.15க்கே தெரிந்திருந்தால் உள்ளே என்ன செய்திருப்பார்கள் என்று பார்ப்போம். உங்கள் லைனில் பத்து ஸ்டேஷன் இருக்கிறது, நீங்கள் ஏழாவது ஸ்டேஷனில் உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லைன் ஓரத்தில் ஒரு போர்டு தொங்கும். யாருக்கு எந்த ஸ்டேஷன் தெரியும் என்று வட்டம் போட்டு, கால் கால் பாகமாகக் கருப்படித்த ஸ்கில் மேட்ரிக்ஸ். ஏழாவது ஸ்டேஷனுக்கு முழு வட்டம் மூன்றே பேருக்குத்தான் இருக்கும். ஒருவர் நீங்கள். இன்னொருவர் சி ஷிப்டில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருக்கிற பெண். மூன்றாமவர் பி ஷிப்ட், மத்தியானம் இரண்டு மணிக்கு வர வேண்டியவர், ஓசூர் டவுனில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்.

4.15க்குத் தெரிந்தால் சூப்பர்வைசருக்கு மூன்று வழி இருக்கிறது. சி ஷிப்ட் பெண்ணிடம் "நாலு மணி நேரம் ஓ.டி. பார்க்கிறியாம்மா" என்று கேட்கலாம். அவளும் வீட்டுக்குப் பேசி, முடியும் முடியாது என்று யோசித்துச் சொல்ல நேரம் இருக்கும். அவள் முடியாது என்றால், டவுனில் இருப்பவரை ஐந்து மணிக்கு எழுப்பிக் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் ஏழாவது ஸ்டேஷன் கொஞ்சம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, இன்ஸ்பெக்ஷனுக்குக் கூடுதலாக ஒரு ஆளைப் போட ஏற்பாடு செய்யலாம்.

5.45க்குத் தெரிந்தால் டவுன்காரரை வரவழைப்பது நடக்காது. சி ஷிப்ட் பெண்ணைக் கேட்கலாம், ஆனால் அவள் பையை எடுத்து பஸ்ஸுக்குத் தயாராகிவிட்டிருப்பாள். அந்த நேரத்தில் கேட்பது கேட்பதாக இருக்காது, கட்டாயப்படுத்துவதாக ஆகிவிடும். 6.10க்குத் தெரிந்தால் பஸ் கேட்டைத் தாண்டிவிட்டது. பத்து ஸ்டேஷன் லைன் ஒரு ஸ்டேஷனுக்காக நிற்கும். ஆறாவதில் பொருள் குவியும், எட்டாவதில் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் சூப்பர்வைசரே போய் உட்காருவார். மறுநாள் உங்கள் மேல் காட்டிய கோபம் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருந்த கோபம்தான்.

இதைச் சொல்வது உங்கள் மேல் குற்றம் போட அல்ல. எனக்குத் தெரிந்த அளவுகோல் இதிலிருந்து வந்தது என்பதால் சொல்கிறேன். நீங்கள் வராததால் யாராவது ஒருவர் ஷிப்ட் தொடங்குவதற்குள் எதையாவது மாற்றிச் செய்ய வேண்டுமா? அப்படியென்றால் போன். யாரும் உடனே எதுவும் செய்ய வேண்டியதில்லை, பதிவுக்காகத் தெரிந்தால் போதும் என்றால் மெசேஜ். நேரம் எவ்வளவு இருக்கிறது என்பதும் இதற்குள் அடங்கிவிடும். மத்தியான பி ஷிப்டுக்கு வர முடியாது என்று முந்தின நாள் இரவு எட்டு மணிக்கே தெரிந்துவிட்டால், சூப்பர்வைசரின் சொந்த எண்ணுக்கு மெசேஜ் போட்டு, அவர் "ஓகே" என்று பதில் போடும்வரை காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. மறுநாள் காலை ஒன்பது மணி ஆகியும் பதில் இல்லை என்றால் அப்போது கூப்பிடலாம். ஷிப்டுக்கு இரண்டு மணி நேரமே இருக்கும்போது பதிலுக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. அதனால் நேரே போன்.

டிக் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் உங்கள் போனை விட்டுக் கிளம்பிவிட்டது என்றுதான் பொருள். இரண்டு டிக் என்றால் அந்தப் பக்கத்து போனுக்கோ, அவர் வாட்ஸ்அப்பை இணைத்து வைத்திருக்கிற கம்ப்யூட்டருக்கோ போய்ச் சேர்ந்தது. நீலம் என்றால் திறந்தாயிற்று. ஆனால் அந்த வசதியை அணைத்து வைத்திருப்பவர் படித்தாலும் நீலம் வராது. குரூப்பில் கணக்கே வேறு. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டு டிக், எல்லோரும் படித்தால்தான் நீலம். நாற்பது பேர் உள்ள குரூப்பில் ஒருவர் போனை அணைத்து வைத்திருந்தாலும் ஒற்றை டிக்தான் தெரியும். அதனால் குரூப் டிக்கைப் பார்த்து சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து மெசேஜ் இன்ஃபோ பார்த்தால் யார் யாருக்குப் போனது, யார் படித்தார்கள், எத்தனை மணிக்கு என்று தனித்தனியாக இருக்கும். இது உங்கள் மெமோவுக்குத் தேவைப்படும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

போனுக்கு இன்னொரு வலு இருக்கிறது. கேட்கிறவர் திருப்பிக் கேட்கலாம். டைம் ஆபீஸில் நான் பார்த்த தகராறுகளில் நிறைய "இன்னைக்கு" என்ற ஒரு சொல்லால் வந்தவை. ஒரு பையன் இரவு 12.20க்கு மெசேஜ் போட்டிருந்தான்: "இன்னைக்கு நைட் ஷிப்ட் வரல சார்." அவன் சொன்னது, விடிந்த பிறகு வரப்போகிற இரவை. சூப்பர்வைசர் அதைப் பார்த்தது காலை ஆறு மணிக்கு. முந்தின இரவு வராததைத்தான் இப்போது சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார். முந்தின இரவு அவனுக்கு வார விடுமுறை. அதனால் "சரி, இவனுக்கு லீவுதானே" என்று விட்டுவிட்டார். அன்று இரவு பத்து மணிக்கு மெஷின் முன்னால் ஆள் இல்லை. அவனுக்கும் மெமோ. இருவருமே பொய் சொல்லவில்லை. பதினான்காம் தேதி இரவு பத்துக்குத் தொடங்குகிற ஷிப்ட் முடிவது பதினைந்தாம் தேதி காலை. நடுராத்திரியில் "இன்னைக்கு" என்பது ஒருவருக்குப் பதினான்கு, இன்னொருவருக்குப் பதினைந்து. போனில் பேசியிருந்தால் "எந்த நைட்டுப்பா?" என்ற ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கும். அதனால் மெசேஜ் போடும்போது "இன்னைக்கு, நாளைக்கு" என்று எழுதவே எழுதாதீர்கள். தேதி, ஷிப்ட் இரண்டையும் எழுதுங்கள்.

இப்போது உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு ஆணின் சொந்த எண்ணைக் கூப்பிடக் கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் நியாயமானது. உங்கள் எண்ணிலிருந்து அந்த நேரத்தில் கால் வந்தால் அவர் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்ற யோசனையும் இருக்கும். நல்லவேளையாக, நீங்கள் கூப்பிட வேண்டியது அவரை அல்ல. கேட் லேண்ட்லைனை, அல்லது சி ஷிப்ட் அலுவலக எண்ணை. அங்கே இருப்பவர்கள் வேலை நேரத்தில் இருப்பவர்கள். அவர்களை யாரும் எழுப்பவில்லை. அந்த எண் உங்கள் அடையாள அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கலாம். இல்லையென்றால் நாளைக்கு உள்ளே நுழையும்போது செக்யூரிட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "லீவு சொல்ல எந்த எண்ணுக்குக் கூப்பிடணும், எவ்வளவு நேரத்துக்கு முன்னால சொல்லணும்" என்று ஹெச்.ஆரிடமும் ஒருமுறை கேளுங்கள். சில கம்பெனிகளில் இரண்டு மணி நேரம் என்பார்கள், சில இடத்தில் ஷிப்ட் தொடங்குவதற்குள் என்பார்கள். குரூப்பில் போட்டால் ஏற்றுக்கொள்வார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்டுக்குச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. டைம் ஆபீஸில் எனக்கு வந்த ஒரு நோட்டுப் பக்கம் இன்றும் கண்ணில் நிற்கிறது. நீல மையில், கோடு தாண்டி, "ராயக்கோட்டை பொண்ணு வரலயாம்" என்று எழுதியிருந்தது. அந்த ரூட் பஸ்ஸில் அன்று பதினொரு பெண்கள். எழுதிய செக்யூரிட்டி ஆறு மணிக்கு டியூட்டி முடிந்து போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, கூப்பிட்ட பெண் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். "அண்ணா, நான் ராயக்கோட்டையிலிருந்து பேசறேன், இன்னைக்கு வரலைன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பதினொரு பேரில் அன்று இருவர் வரவில்லை. யார் சொன்னது, யார் சொல்லவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது.

அதனால் கூப்பிட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, குறிச்சுக்குங்க. டோக்கன் நம்பர் இது, பேர் இது, ரெண்டாவது லைன். பதினாலாம் தேதி ஏ ஷிப்டுக்கு வர முடியல, காய்ச்சல். ஒரு நாள். சி ஷிப்ட் சூப்பர்வைசர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. உங்க பேர் என்னண்ணா?" அரை நிமிடம்கூட ஆகாது. படித்துக் காட்டச் சொல்வதை மறக்காதீர்கள். டோக்கன் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் வேறொருவருக்கு லீவு விழும், உங்களுக்கு ஆப்சென்ட் விழும். பெயரைக் கேட்பதும் அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. பெயர் கேட்டால் எழுதுகிறவர் தானாகவே கொஞ்சம் கவனமாக எழுதுவார்.

போனை வைத்ததும், படுப்பதற்கு முன்னால், சூப்பர்வைசரின் எண்ணுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். குரூப்புக்கு வேண்டாம், அவருக்கு மட்டும். "14ஆம் தேதி ஏ ஷிப்டுக்குக் காய்ச்சலால் வர முடியவில்லை. காலை 4.10க்கு கேட்டில் இன்னாரிடம் போனில் சொல்லியிருக்கிறேன். டோக்கன் நம்பர் இது. 15ஆம் தேதி வருவேனா என்று 14ஆம் தேதி மாலை 6 மணிக்குள் சொல்கிறேன்." போன் ஆளை ஏற்பாடு செய்ய. இந்த மெசேஜ், நீங்கள் சொன்னீர்கள் என்பதற்குச் சாட்சி. போனில் சொன்னது பேச்சாகவே போய்விடும். அவர் மறந்துவிட்டால் உங்கள் கால் லிஸ்டில் நேரம் மட்டும்தான் இருக்கும், என்ன பேசினீர்கள் என்று இருக்காது.

மாலை ஆறு மணி என்று எழுதினால் ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். முதல் நாள் ஒழுங்காகச் சொல்லிவிட்டு இரண்டாம் நாள் "நேத்தே சொல்லிட்டேனே" என்று இருந்துவிடுகிறவர்கள் நிறைய. ஒரு நாள் என்று சொன்னால் அவர்கள் கணக்கில் ஒரே நாள்தான். இரண்டாம் நாள் தனி லீவு. ஆனால் இரண்டாம் நாளுக்கு விடியற்காலையில் கூப்பிட வேண்டியதில்லை. முந்தின நாள் மாலையிலேயே தெரிந்திருப்பதால் மெசேஜ் போட்டுப் பதில் வாங்கிவிடலாம். இரவு எட்டு மணிக்குள் பதில் வராவிட்டால் மட்டும் போன்.

மிஸ்டு கால் தகவல் ஆகாது. "மிஸ்டு கால் விட்டேனே சார்" என்று என்னிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை, அப்புறம் அடுத்த எண். செக்யூரிட்டி ரவுண்டு போயிருப்பார், திரும்பி வந்துவிடுவார். இரண்டு எண்ணும் எடுக்கவே இல்லை என்றால் மெசேஜில் அதையும் எழுதுங்கள்: "4.10, 4.16க்கு கேட்டுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை." அந்த நிலையில் நீங்கள் செய்யக்கூடியதைச் செய்துவிட்டீர்கள்.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாப்பில் உங்களுக்காக இரண்டு நிமிடம் நிற்பார்கள், அதனால் பின்னால் ஏறுகிறவர்களுக்கு நேரமாகும். அங்கே மெசேஜே சரி. உங்களோடு அதே ஸ்டாப்பில் ஏறுகிற தோழி அந்த நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள், உடனே பார்ப்பாள். அதே மெசேஜ் லாக்கரில் இருக்கிற போனுக்குப் போனால் வீண். ஆனால் அந்தத் தோழியிடமே "சார்கிட்டயும் சொல்லிடு" என்று விட்டுவிடாதீர்கள். அவள் உள்ளே நுழைவது 5.50க்கு. அதற்குள் ஆள் மாற்றுகிற வழியெல்லாம் அடைபட்டிருக்கும். சொல்ல மறந்தால் அவளுக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வேறு.

உங்கள் பக்கத்துக் கிராமங்களில் சிக்னல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமெல்லாம் ஒரு மேடு இறங்கினால் கோடு காணாமல் போய்விடும். நெட் கிடைக்காத இடத்தில் வாட்ஸ்அப் கிளம்பாமல் கடிகாரக் குறியோடு நிற்கும். அதைக் கவனிக்காமல் படுத்துவிடுவோம். சாதாரண எஸ்.எம்.எஸ்ஸுக்கு நெட் வேண்டாம், பேசுகிற சிக்னல் லேசாக இருந்தாலே போய்விடும். அந்தப் பக்கத்து போன் அணைந்திருந்தாலும் மையத்தில் வைத்திருந்து பிறகு கொடுக்கும். கால் நடுவில் அறுந்து அறுந்து போனால், வாட்ஸ்அப்பை நம்பாமல் எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டு, வீட்டில் யாரையாவது மேட்டுக்குப் போய்க் கூப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர் கூப்பிடுவது சரியா என்றால், நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் தாராளமாகச் சரி. காய்ச்சலில் குரல் எழும்பவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றால் அப்பாவோ அம்மாவோ பேசட்டும். அவர்களுக்கு டோக்கன் எண்ணும் லைனும் தெரியாது என்பதுதான் சிக்கல். அதைத் தாளில் எழுதி வீட்டுக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

காரணம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் திட்டுக்குப் பயப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். "உடம்பு சரியில்லை" போதும். மாதவிடாய் வலி என்றால் அதை ஆண் சூப்பர்வைசரிடம் விவரிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் பெண் லைன் லீடரிடம் பிறகு சொல்லுங்கள். திட்ட ஆரம்பித்தால் பதிலுக்குப் பதில் பேசாமல், "சரிங்க சார், இன்னைக்கு முடியல, குறிச்சுக்குங்க" என்று இரண்டாம் முறை சொல்லிவிட்டு வையுங்கள். போன் பண்ணியது அனுமதி கேட்க இல்லை, தகவல் சொல்ல. இது மனதில் நின்றால் குரல் நடுங்காது. இல்லாத பாட்டியைச் சாகடிக்க மட்டும் வேண்டாம். திட்டுக்குப் பயந்து சொன்ன பொய் பிடிபட்டால் அடுத்த முறை உண்மையான காய்ச்சலையும் நம்ப மாட்டார்கள்.

ஒருவேளை திட்டு அளவு மீறிப் போனால், ஒவ்வொரு முறையும் கெட்ட வார்த்தை வருகிறது என்றால், அங்கே என் அளவுகோல் மாறும். அவரோடு பேசவே வேண்டாம். கேட்டுக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் எழுத்தில், ஹெச்.ஆருக்கும் ஒரு நகலோடு. என்ன வார்த்தை, எந்தத் தேதி என்று குறித்து வைத்துக்கொண்டு ஹெச்.ஆரில் நேரில் சொல்லுங்கள்.

முன்கூட்டியே தெரிந்த லீவுக்கெல்லாம் போன் சரிப்படாது. தங்கச்சி கல்யாணம், ஊரில் மாரியம்மன் பண்டிகை, குழந்தைக்குக் காது குத்து என்றால் லீவு படிவத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் "சரிம்மா" என்று சொன்னவர் அடுத்த வாரம் ஷிப்ட் மாறிப் போய்விட்டிருப்பார்.

இனி மெமோ. பதில் எழுதாமல் மட்டும் விடாதீர்கள். பதில் இல்லாத மெமோ, ஒப்புக்கொண்டது போலக் கோப்பில் உட்கார்ந்துவிடும். தாளில் எத்தனை நாளுக்குள் என்று கெடு இருக்கும், அதற்குள் கொடுங்கள். அரைப் பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"14ஆம் தேதி விடியற்காலை 3.30 மணிக்கு எனக்குக் காய்ச்சல் வந்தது. ஷிப்ட் தொடங்குவதற்கு 1 மணி 53 நிமிடம் முன்னதாக, 4.07க்கு, ஷிப்ட் குரூப்பில் தகவல் தெரிவித்தேன். அதன் விவரத்தை இணைத்துள்ளேன். தகவல் சொல்லாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. குரூப் மெசேஜ் உரியவரைச் சென்று சேர்ந்ததா என்று நான் உறுதி செய்துகொள்ளவில்லை. இனி கேட் எண்ணுக்குப் போனில் சொல்லிவிட்டு மெசேஜும் அனுப்புகிறேன். அந்த நாளை லீவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தேதியை மட்டும் உங்கள் தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள். இதோடு மெசேஜ் இன்ஃபோ திரையின் படத்தை அச்செடுத்து இணையுங்கள். சூப்பர்வைசர் ஆறு மணிக்கு முன்னாலேயே படித்திருக்கிறார் என்று அதில் இருந்தால், தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதை வட்டமிட்டுக் காட்டுங்கள், ஆனால் பதிலில் அவரைக் குற்றம் சாட்டி ஒரு வரியும் எழுத வேண்டாம். படிக்கவில்லை என்று இருந்தாலும் இணையுங்கள். 4.07 என்ற நேரம் உங்களுக்குச் சாதகம். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள்.

அன்று ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போயிருந்தால் சான்றிதழையும் சேருங்கள். உடம்பு சரியில்லாத நாளுக்கு ஈ.எஸ்.ஐ.யிலிருந்து கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. அதனால் ஒரு நாள் காய்ச்சலுக்கு அந்தச் சான்றிதழால் பணம் வராது. உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்பதற்கு ஆதாரமாக மட்டும் உதவும். அன்று போகாமல் விட்டிருந்தால் இப்போது பழைய தேதி போட்டுச் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். மருந்துக் கடை பில் இருந்தால் அதுவே போதும்.

பதிலைக் கொடுக்கிற அன்றைக்கே கேட் எண்ணை உங்கள் போனில் போட்டுவிடுங்கள். பெயரை "அ கேட்" என்று போட்டால் பட்டியலில் தனியாகத் தெரியும், காய்ச்சல் கண்ணோடு தேட வேண்டியிருக்காது. அப்பா போனிலும் அதே பெயரில் ஒன்று.